பரிசுப் படத்தில் இடைவெளியும் நிழலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அப்பா அம்மாவின் 40ஆவது திருமண நாளுக்காக, 12 படங்களைச் சணல் துணி போன்ற பின்னணியில் சேர்த்து, 18க்கு 12 அங்குலத்தில் பிரேம் போடக் கொடுத்தோம். வந்ததில் படங்களுக்கு நடுவே ஓரிடம் அகலம், ஓரிடம் நெருக்கம். நிழலும் ஒரே மாதிரி இல்லை. "கம்ப்யூட்டரில் சமமாகத்தான் வைத்தோம்" என்கிறார் கடைக்காரர். எங்கள் கண்ணில்தான் கோளாறா? – வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

உங்கள் கண்ணில் கோளாறு இல்லையம்மா. கடைக்காரர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஃபோட்டோஷாப்பில் Distribute Horizontal Centers என்று ஒரு கட்டளை உண்டு. அது படங்களின் நடுப்புள்ளிகளைத்தான் சம தூரத்தில் வைக்கும். எல்லாப் படமும் ஒரே அகலமாக இருந்தால் இடைவெளியும் சமமாக வரும். உங்கள் 12 படங்களில் சில நின்றவாக்கில், சில படுத்தவாக்கில் இருந்திருக்கும். அகலம் மாறும்போது நடுப்புள்ளிகள் சமமாக இருந்தும் ஓரங்கள் சமமாக இருக்காது. அவர் கட்டளையைக் கொடுத்துவிட்டு நம்பிவிட்டார், அளந்து பார்க்கவில்லை.

சரியான வழி, எல்லாப் படங்களையும் முதலில் ஒரே அளவுக்கு வெட்டிக்கொள்வதுதான். உங்கள் 18க்கு 12 அங்குலத்தையே எடுத்துக்கொள்வோம். இடமும் வலமும் ஒவ்வோர் அங்குலம் விட்டால் மீதி 16. ஒரு வரிசையில் நான்கு படம் என்றால் நடுவில் மூன்று இடைவெளி, ஒவ்வொன்றும் 0.4 அங்குலம் என்றால் 1.2 போய்விடும். மீதி 14.8ஐ நான்காகப் பிரித்தால் ஒரு படத்தின் அகலம் 3.7 அங்குலம். செல்போன் படங்கள் பெரும்பாலும் நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் இருப்பதால் உயரம் ஏறத்தாழ 2.78 வரும். மேலே ஓர் அங்குலம் விட்டு மூன்று வரிசை அடுக்கினால், அடியில் ஏறக்குறைய 1.9 அங்குலம் மிஞ்சும். பெயரும் தேதியும் எழுத அதுவே போதும். நின்றவாக்கில் உள்ள படங்களில் தலையும் காலும் வெட்டுப்படும் என்பதால், அந்த இடங்களுக்கு வேறு படம் தேடிக் கொடுப்பது உங்கள் வேலை. ஓரத்தில் ஓர் அங்குலம் எதற்கு என்று கேட்காதீர்கள். பிரேமின் உதடு நான்கு பக்கமும் கால் அங்குலம் போல மறைத்துவிடும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். பழைய அஞ்சலட்டையில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு கீற்று வெட்டுங்கள், 0.4 அங்குலம் அதுதான். அதைப் படங்களின் நடுவே ஒவ்வோரிடமாக வைத்துப் பாருங்கள். எங்கே கீற்று படத்தின் மேல் ஏறுகிறது, எங்கே பக்கத்தில் சணல் தெரிகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். "கண்ணுக்கு அப்படித் தெரிகிறது" என்று யாராலும் தட்டிக்கழிக்க முடியாது. கீற்று எல்லா இடத்திலும் பொருந்தியும் சமமாகத் தெரியவில்லை என்றால், வெளிறிப்போன பழைய படங்களின் ஓரம் சணல் நிறத்தில் கரைந்திருக்கும். எல்லாப் படத்துக்கும் ஒரே மெல்லிய வெள்ளைக் கரை வைக்கச் சொன்னால் சரியாகிவிடும்.

நிழல் விஷயத்தில் எனக்கே அடி பட்டிருக்கிறது. அக்காவின் மணிவிழாவுக்கு இப்படி ஒன்றை 2,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கடை விளக்கில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் டியூப் லைட்டின் கீழ் பிரித்தபோது, அம்மாவின் கல்யாணப் படத்துக்கு மட்டும் நிழல் மேல்பக்கம் விழுந்திருந்தது. மற்றப் படங்கள் பலகையில் ஒட்டியிருக்க, அம்மா மட்டும் தலைகீழாகத் தொங்குவது போல் இருந்தது. நிழலையும் படத்தையும் ஒன்றாக இணைத்த பிறகு படத்தைத் திருப்பியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் நிழலும் கூடவே திரும்பும். விழாவுக்கு மறுநாள்தான் மாற்றித் தந்தார்கள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அது இன்னும் ஆறவில்லை.

ஃபோட்டோஷாப்பில் நிழல் போடும் Drop Shadow வசதியை ஒரு படத்துக்குச் சரியாக அமைத்து, அதையே மற்றப் பதினொன்றுக்கும் நகல் எடுத்து ஒட்ட வேண்டும். Use Global Light குறியிட்டிருந்தால் எல்லா நிழலும் ஒரே பக்கம் விழும். பின்னணியை முதலில் உற்றுப் பாருங்கள். சணலின் முடிச்சுகளுக்கும் சொந்த நிழல் உண்டு. அது வலப்பக்கம் கீழே விழுந்தால், வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து வருகிறது என்று பொருள். Drop Shadow-வில் வெளிச்சத்தின் கோணம் 120 பாகை என்று வைத்தால் அதற்குப் பொருந்தும். துணியின் நிழலும் படங்களின் நிழலும் முரண்பட்டால் படங்கள் துணியில் படியாமல் மிதப்பது போல் இருக்கும். மென்மைக்கு, அங்குலத்துக்கு 300 பிக்சல், அதாவது 300 டிபிஐ உள்ள கோப்பில், நிழல் பரவும் அளவான Size 30 பிக்சல், நிழலின் அடர்த்தியான Opacity 35 சதவீதம் என்று தொடங்கலாம். 30 பிக்சல் என்பது அச்சில் பத்தில் ஓர் அங்குலம்தான்.

திரையில் நிழல் அழகாக இருந்தது. அச்சில் காணவே இல்லை. பின்னணி கருந்தேக்கு மரம். – காசிமேடு வாசகர்

கருப்பின் மேல் கருநிழல் எப்படித் தெரியும்? திரை தானே ஒளிவிடும், தாள் விடாது. திரையில் இருந்த மெல்லிய வேறுபாடு அச்சில் அமுங்கிவிடும். Opacity கூட்டினால் நிழல் கறை போலாகும். பின்னணியை வெளிறவைத்து, மரத்தின் வரிகளையும் மங்கலாக்கச் சொல்லுங்கள். முழு அச்சுக்கு முன்பு, ஒரு மூலையை மட்டும் அதே தாளில் எடுத்துப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்களைக் கொடுத்தோம். நடுவில் வைத்த பெரிய படம் மங்கல். கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தருவாரா? – தண்டையார்பேட்டை வாசகர்

தர மாட்டார், கேட்கவும் கூடாது. சுருங்கிப்போன படத்தைக் கொடுத்தது நீங்கள்; அடுத்த முறை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

12க்கு 18 அங்குலத்தில் 60 படம் வருமா? எல்லாச் சொந்தக்காரர்களும் இருக்க வேண்டும். – வியாசர்பாடி வாசகி

வரும், யார் யார் என்று தெரியாது.

முன்பணம் 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, மாதிரி காட்டாமலே அச்சடித்துவிட்டார். பிள்ளையின் பெயர் தப்பு, இரண்டு படம் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கிறது. "ஆர்டர் பொருள், திரும்ப வாங்க மாட்டோம்" என்கிறார். பில்லும் இல்லை. – பெரம்பூர் வாசகி

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குக் கொதிக்கிறது. கேட்டதற்கேற்ப செய்து தருவதால்தானே அது ஆர்டர் பொருள்? கேட்டபடி செய்யாதவர் அதே சொல்லைக் கவசமாகப் பிடிப்பது என்ன நியாயம்? வீட்டுப் படங்களை நம்பிக் கொடுக்கிறோம். விழா நாள் நெருங்கிவிட்டால் வேறு கடைக்குப் போக நேரம் இருக்காது என்று அவருக்குத் தெரியும். அந்த அவசரத்தைத்தான் காசாக்குகிறார்கள்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாக இருக்கிறது. பில் தராமல் இருப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. பெயரை நீங்கள் சரியாக எழுதி அனுப்பிய செய்தி செல்போனில் இருக்கும், முன்பணம் அனுப்பிய பதிவும் இருக்கும். இரண்டையும் அழிக்காதீர்கள். தவறுகளைப் படம் எடுத்து, மாற்றித் தர ஒரு தேதி குறித்து எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

அடுத்த முறை முன்பணம் நீட்டும்போதே, "மாதிரியைப் பார்த்து நான் சரி என்று எழுதிய பிறகே அச்சு" என்று ரசீதில் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். மறுக்கிற கடையில் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.