ஆப் காட்டும் 6/6-ஐ நம்பலாமா?

"கண் பரிசோதனை ஆப்பில் என் பையனுக்குப் பார்வை 6/6, குறையில்லை என்று வருகிறது. ஆனால் போர்டு தெரியவில்லை என்கிறான். எதை நம்புவது?"

பையனை நம்புங்கள். போனை எவ்வளவு தூரத்தில் பிடித்தீர்கள்? 40 செ.மீ. என்றால் அது பக்கத்தில் இருப்பது தெரிகிறதா என்று பார்க்கும் சோதனைதான். மைனஸ் 2.5 பவர் உள்ள கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமலே தெளிவாகத் தெரியும் தூரம் சரியாக அந்த 40 செ.மீ.தான். அதனால் எழுத்தெல்லாம் படித்துவிடுவான்; போர்டு மட்டும் மங்கும். கை தானாக 30 செ.மீ.க்கு வந்துவிட்டால் எழுத்து மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், ரிசல்ட் இன்னும் பொய்யாகும்.

எல்லா ஆப்பும் மோசமில்லை. பீக் அக்யூட்டி என்ற ஆப் கென்யாவில் சோதிக்கப்பட்டு, சுவர் சார்ட்டுக்கு நெருக்கமான அளவுகளைத் தந்தது. ஆனால் அதில் போனை இன்னொருவர் சில மீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்க வேண்டும்.

அப்போதும் பவர் கிடைக்காது. சிறுவர்களின் கண் தானே ஃபோகஸை மாற்றி ஏமாற்றும். சொட்டு மருந்து விட்டுத்தான் சரியான பவரைக் கணிப்பார்கள். பெரியவர்களுக்கு வேறு கவலை. கண் நரம்பைக் கெடுக்கும் க்ளாக்கோமா நோய் ஓரப் பார்வையைத் தின்றுகொண்டிருக்கும்போதும் நடுப் பார்வை 6/6 காட்டும். கண் அழுத்தத்தையும் நரம்பையும் எந்த எழுத்துச் சோதனையும் பார்ப்பதில்லை.