புராஜெக்ட் மாறும்போது குழுவிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு வங்கியின் இரவு நேரக் கணக்கு முடிப்புப் பணிகளைக் கவனிக்கும் குழுவில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். அடுத்த மாதம் இதே நிறுவனத்தில் வேறு புராஜெக்டுக்கு மாறுகிறேன். குழுவினரிடம் எப்போது, எப்படிச் சொல்வது? தொடர்பில் இருக்க விருப்பம்தான். ஆனால் பழைய வேலை என்னைத் துரத்தவும் கூடாது.

பதில்: உங்கள் விடுவிப்புத் தேதியை மேலாளர் மின்னஞ்சலில் உறுதி செய்யும்வரை குழுவில் பேச்சை எடுக்காதீர்கள். மாற்று ஆள் கிடைக்கவில்லை என்று இந்தத் தேதி தள்ளிப்போவது நம் நிறுவனங்களில் வழக்கம். முதலில் சொல்லிவிட்டு இரண்டு மாதம் அங்கேயே இருந்தால் புதிய வேலைகள் உங்களிடம் வராது, பழையவை மட்டும் குவியும்.

தேதி உறுதியானதும், உங்கள் வேலையை ஏற்கப்போகிறவரிடமும் இரவுப் பணியில் உங்களோடு இருப்பவர்களிடமும் முதலில் நேரில் சொல்லுங்கள். உங்கள் இடமாற்றத்தால் அவர்களுடைய பணி அட்டவணைதான் மாறுகிறது. அதை ஒரு பொது மின்னஞ்சலில் படித்துத் தெரிந்துகொள்ள விடக்கூடாது. அதே நாளிலோ மறுநாளோ குழுக் கூட்டத்தில் மற்றவர்களுக்கும் சொல்லிவிடலாம். வங்கித் தரப்புக்கு மேலாளர்தான் முதலில் சொல்ல வேண்டும். மாற்று ஆள் யார் என்ற கேள்வி அங்கே உடனே எழும்; அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

விடைபெறும் மின்னஞ்சலைக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்புங்கள். கடைசி நாள் மாலையில் அனுப்பினால், அதைப் படித்து ஒருவர் சந்தேகம் கேட்கும்போது உங்கள் அனுமதிகள் பறிபோயிருக்கும். எழுதுவது இந்த அளவு இருந்தால் போதும்:

“அனைவருக்கும் வணக்கம். வரும் வெள்ளிக்கிழமையுடன் இந்த புராஜெக்டிலிருந்து விடைபெற்று, நம் நிறுவனத்திலேயே வேறு குழுவில் சேர்கிறேன். மார்ச் மாத ஆண்டு முடிவு இரவுகளில் விடியும்வரை உடன் இருந்தவர்களுக்கும், நான் விடுப்பில் இருந்தபோது என் இரவுப் பணியை நான் கேட்காமலே ஏற்றுக்கொண்டவர்களுக்கும் என் நன்றி. திங்கள் முதல் கணக்கு முடிப்புப் பணிகளை (பெயர்) கவனிப்பார். கேள்விகளை முதலில் அவரிடமும் குழுவின் பொது மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். ஆவணங்கள் எல்லாம் குழுவின் பொதுக் கோப்புறையில் இருக்கின்றன. அங்கே விடை இல்லாத கேள்விகளுக்கு, இம்மாத இறுதிவரை அலுவலகச் செய்திச் செயலியில் மாலை நான்கு முதல் ஐந்து மணிவரை பதில் சொல்கிறேன்.”

நன்றியில் நடந்த ஒன்றைச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். “உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி” என்பதை யாரும் தனக்கானதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் இருந்தால் அவருக்குத் தனியாக இரண்டு வரி எழுதுங்கள். புதிய வாடிக்கையாளரின் பெயரை எங்கும் குறிப்பிட வேண்டாம். போட்டி வங்கியாக இருந்தால் ரகசியக் காப்பு ஒப்பந்தம் குறுக்கே வரும்.

உங்களைத் துரத்தப்போவது பெரும்பாலும் மனிதர்கள் அல்ல, உங்கள் பெயரில் ஓடும் பணிகள். நீங்கள் எழுதிய ஒரு தானியங்கிப் பணி உங்கள் பயனர் கணக்கில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அனுமதி நீக்கப்பட்ட இரவே அது நின்றுவிடும். காலையில் அறிக்கை வராதபோது, காரணம் தெரியாமல் எல்லோரும் உங்களைத்தான் அழைப்பார்கள். ஆகவே போவதற்கு ஒரு வாரம் முன்பே அத்தகைய பணிகளைத் தேடி, குழுவின் பொதுவான சேவைக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். மாற்றியபின் இரண்டு மூன்று இரவுகளாவது ஓடவிட்டுப் பாருங்கள். பிழை எச்சரிக்கைகள் உங்கள் தனி மின்னஞ்சலுக்கு வருகின்றனவா, அவசர அழைப்புப் பட்டியலில் உங்கள் கைபேசி எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் பட்டியலின் ஒரு பிரதி வங்கியிடம் தனியாக இருக்கும். அதையும் திருத்தச் சொல்ல வேண்டும்.

புதியவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது. ஒரு இரவு முழுப் பணியையும் அவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் பேசாமல் இருங்கள். அவர் எங்கே தயங்கி உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த இடம் ஆவணத்தில் இல்லை என்று பொருள்.

போனபின் அழைப்பு வந்தால், கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், வேலையைச் செய்துகொடுக்காதீர்கள். பழைய சகாவின் கணினித் திரையைப் பகிர்ந்து நீங்களே கட்டளை தட்டுவது, அனுமதி இல்லாத ஒருவர் வங்கி அமைப்பில் நுழைந்ததாகவே கணக்கிடப்படும். தணிக்கையில் மாட்டிக்கொள்வது அவரும்தான். பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் உதவி என்றால், “உங்கள் மேலாளர் என் மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும், நான் வருகிறேன்” என்று சொல்லுங்கள். உங்கள் நேரம் இப்போது வேறு வாடிக்கையாளரின் கணக்கில் எழுதப்படுகிறது என்பதை அவர்களும் அறிவார்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சொன்ன பதிலை அன்றே ஆவணத்தில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அதே கேள்வி இன்னொருவரிடமிருந்து அடுத்த வாரம் வராது.