நின்றதும் இறங்கும் ரத்த அழுத்தம்

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தபோது இரண்டு முறை கட்டிலருகிலேயே விழுந்துவிட்டார். ரத்த அழுத்தத்துக்கும் ப்ராஸ்டேட்டுக்கும் இரவில் மாத்திரை சாப்பிடுகிறார். குளியலறையில் கைப்பிடி பொருத்தினால் போதுமா?
– வாசகி, திருச்சி

பதில்: கைப்பிடி பொருத்துங்கள். ஆனால், எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அவரை ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறையும், எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடியும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அப்போது ஒருவர் அவரைத் தாங்கிப்பிடிக்கத் தயாராக அருகில் இருக்கட்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். படுத்திருக்கையில் 140/80 இருந்தது, நின்றதும் 114/72 ஆகிறது என்று வையுங்கள். 114 தனியே பார்த்தால் நல்ல அளவுதான், ஆனால் 26 இறங்கியதே தலைசுற்றலுக்குப் போதும். நாற்காலியில் உட்காரவைத்து மட்டும் அளந்தால் இது பிடிபடாது.

ப்ராஸ்டேட்டுக்குத் தரப்படும் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகள் ரத்தக் குழாய்களையும் ஓரளவு தளர்த்துவதால், பி.பி. மாத்திரையோடு சேரும்போது இந்த இறக்கம் கூடலாம். குறித்த அளவுகளையும் எல்லா மாத்திரை அட்டைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவையோ நேரத்தையோ அவர்தான் மாற்ற வேண்டும். நீங்களாகப் பி.பி. மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறிப் பக்கவாதம்வரை போகலாம். அதுவரை, விழித்ததும் கட்டில் விளிம்பில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, கணுக்கால்களை மேலும் கீழும் சில முறை அசைத்துவிட்டு, எதையாவது பிடித்துக்கொண்டு எழட்டும். கட்டிலருகில் சிறுநீர்க் குடுவை வைத்துக்கொள்ளப் பல ஆண்கள் கூச்சப்படுவார்கள். நிதானமாக எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

படுத்தபடியே கைக்கு எட்டும் சுவிட்ச், கழிவறைவரை தரை தெரியும்படி தாழ்வாக ஓர் இரவு விளக்கு, மின்தடைக்குத் தலையணையருகே ஒரு டார்ச் ஆகியவை வேண்டும். அடி தேய்ந்த ஹவாய் செருப்பை மாற்றி, குதிகால் பக்கம் வார் உள்ள, வழுக்காத அடியுடைய செருப்பு வாங்குங்கள். டைல்ஸ் தரையில் காலுறையோடு நடக்க வேண்டாம். அவர் பைஃபோகல் கண்ணாடி அணிபவரானால், அதன் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது என்பதால், குனிந்து பார்க்கும்போது படியின் விளிம்பு மங்கித் தெரியும். வெளியே நடக்கத் தூரப் பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி கேளுங்கள். கண்புரை உள்ளதா என்றும் பார்த்துவிடுவது நல்லது.

தலைசுற்றல் அடங்கிய பிறகே பயிற்சியைத் தொடங்குங்கள். சமையல் மேடையைப் பிடித்தபடி, ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரல்களைத் தொடுமாறு பத்து வினாடி நிற்கட்டும். பிறகு கால் மாற்றட்டும். அது சுலபமானதும் பிடியை ஒரு விரலாகக் குறைக்கலாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதை, முடிந்த அளவுக்கு, பத்து முறைவரை செய்யட்டும். வாரம் மூன்று நாளாவது செய்தால் சில மாதங்களில் பலன் தெரியும்.

மீண்டும் விழுந்து தலையில் அடிபட்டால், குறிப்பாக வார்ஃபரின், குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், நன்றாகப் பேசினாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மூளைக்குள் கசியும் ரத்தம் சில மணி நேரம், சில சமயம் நாட்கள் கழித்தும் அறிகுறி காட்டும்.