நான்கு வயர்லெஸ் மைக்கையும் ஒன்றாக ஆன் செய்தால் ஏன் விட்டு விட்டுக் கேட்கிறது?

கேள்வி: ஹாலில் நான்கு யு.ஹெச்.எஃப். கை மைக் இருக்கு. ஞாபகம் வைக்க வசதியா 520, 521, 522, 523 மெகாஹெர்ட்ஸ்னு வைத்திருக்கோம். ஒன்று, இரண்டு மைக் ஆன் செய்தால் சுத்தமா கேட்குது. மூன்றாவது ஆன் ஆனதும் உஸ்ஸுனு இரைச்சல், நடுவுல கட். போதாததற்கு, மேடையின் இடது ஓரம் போனால் எந்த மைக்கா இருந்தாலும் கட் ஆகுது. ரிசீவர் நாலும் ஹால் கடைசியில் மிக்சருக்குப் பக்கத்துல, இரும்பு ரேக்குக்குள்ள இருக்கு. பேட்டரி எல்லாம் புதுசு. மைக்கை மாற்றணுமா?

பதில்:

மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. மூன்றாவது மைக் ஆன் ஆனதும் வருவது ஃப்ரீக்வென்சி கோளாறு. இடது ஓரத்தில் வருவது ஆன்டெனா கோளாறு. காதுக்கு இரண்டும் ஒரே மாதிரி கேட்பதால்தான் ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்போம்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது ரிசீவர் முகப்பில் சிக்னலின் பலத்தைக் கோடுகளாகக் காட்டும் RF மீட்டர். சத்தம் அறுபடும் அந்த நொடியில் அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். கோடுகள் சரசரவென்று இறங்கி, அதோடு சத்தமும் போனால் மைக்கின் சிக்னல் ரிசீவருக்கு வந்து சேரவில்லை. கோடுகள் முழுசாக நிற்கும்போதே சத்தம் அறுந்தால், அதே ஃப்ரீக்வென்சியில் வேறு ஏதோ ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. மிக்சரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கவனிப்பது சிரமம், கண் எப்போதும் ஃபேடர் மேல்தான் இருக்கும். ரிசீவருக்கு எதிரே செல்போனை நிறுத்தி வீடியோ எடுங்கள். சத்தமும் மீட்டரும் ஒன்றாகப் பதிவாகிவிடும், பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் ஃப்ரீக்வென்சி. முதல் மூன்று மைக்கை ஆன் செய்யுங்கள். 522-ஐ மட்டும் அணைத்துவிட்டு அதன் ரிசீவரைப் பாருங்கள். மைக் அணைந்திருக்கிறது, ஆகவே RF கோடு ஒன்றுகூட இருக்கக் கூடாது. உங்கள் செட்டில் அநேகமாக இரண்டு மூன்று கோடுகள் எரியும். இப்போது 521-ஐ அணையுங்கள். 522-இன் கோடுகளும் கூடவே விழுந்தால், அந்தச் சிக்னல் வெளியிலிருந்து வரவில்லை, உங்கள் மைக்குகளே சேர்ந்து பெற்ற பிள்ளை அது.

நடப்பது இதுதான். இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் அருகருகே இருக்கும்போது ஒன்றின் சிக்னல் மற்றதன் வெளியீட்டு ஆம்ப்ளிஃபயருக்குள் நுழைந்து கலக்கிறது. மைக்குகள் ரிசீவருக்கு மிக அருகில் இருந்தால் ரிசீவரின் உள்ளேயும் இதே கலப்பு நடக்கும். அப்படிக் கலக்கும்போது யாரும் அனுப்பாத புது ஃப்ரீக்வென்சிகள் பிறக்கின்றன. இதற்கு இன்டர்மாடுலேஷன் என்று பெயர். நமக்குத் தொல்லை கொடுப்பவை பெரும்பாலும் இந்த இரண்டு வகைதான்:

```
2A − B
A + B − C
```

உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். 521-ஐ இரண்டால் பெருக்கி 520-ஐக் கழித்தால் 522. மூன்றாவது மைக் நேராக அதன் மேல் நிற்கிறது. 521-ஐ இரண்டால் பெருக்கி 522-ஐக் கழித்தால் 520, ஆக மூன்றாவது மைக் ஆன் ஆனதும் முதல் மைக்கும் அடி வாங்கும். நான்கும் ஆன் ஆகிவிட்டால் தப்பிக்கிற மைக்கே கிடையாது. 520, 521 இரண்டு மட்டும் ஓடும்போது ஏன் சுத்தமாக இருந்தது என்பதும் இதில் புரியும். அப்போதும் 519, 522 என்று பிள்ளைகள் பிறக்கத்தான் செய்தன, ஆனால் அங்கே அடி வாங்குவதற்கு மைக் எதுவும் ஆனில் இல்லை.

சமமான இடைவெளிதான் இங்கே வினை. எந்த இரண்டு மைக்குக்கு நடுவிலுள்ள இடைவெளியும் வேறு எந்த ஜோடியின் இடைவெளியோடும் ஒத்துப்போகாமல் இருந்தால், மேலே உள்ள இரண்டு கணக்கும் எந்த மைக்கின் மேலும் வந்து விழாது. உங்கள் விஷயத்தில் ஒரே ஒரு மைக்கை நகர்த்தினால் போதும். 521-ஐ 520.500-க்குக் கொண்டுபோங்கள்:

```
520.000   520.500   522.000   523.000
```

இடைவெளிகள் 0.5, 1, 1.5, 2, 2.5, 3. ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. இப்போது எந்த ஜோடியை, எந்த மூன்றைப் போட்டுப் பார்த்தாலும் விடை நான்கு மைக்கிலிருந்தும் குறைந்தது அரை மெகாஹெர்ட்ஸ் தள்ளித்தான் விழும். பழைய மூன்று மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள்ளேயே வேலை முடிந்துவிட்டது. நம்பிக்கை வராவிட்டால் காகிதத்தில் போட்டுப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

நான்கு மைக் வரை கையால் கணக்குப் போடலாம். எட்டு என்றால் போடாதீர்கள். ரிசீவர் மெனுவில் குரூப், சேனல் என்று இருக்குமே, அது இந்தக் கணக்கைக் கம்பெனிக்காரர்களே போட்டு வைத்த பட்டியல். ஒரே குரூப்புக்குள் இருக்கும் சேனல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். ஒரு மைக்கை முதல் குரூப்பிலும் இன்னொன்றை மூன்றாம் குரூப்பிலும் வைத்தால் அந்த உத்தரவாதம் போய்விடும். ஒரு மைக் தொல்லை கொடுக்கிறது என்று அதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வேறு குரூப்புக்கு மாற்றுவதுதான் நான் அதிகம் பார்க்கும் வழக்கம்.

இன்னொரு வழக்கம், சிக்னல் கட் ஆகிறது என்று டிரான்ஸ்மிட்டரின் பவரைக் கூட்டுவது. இன்டர்மாடுலேஷன் இருக்கும் இடத்தில் அது எரிகிற நெருப்பில் எண்ணெய். கலப்பில் பிறக்கும் சிக்னல் மூலச் சிக்னலை விட வேகமாக வளரும். நான்கு மைக்கையும் ஆன் செய்து ஒரே மேசையில் அடுக்கி வைத்துச் சோதிப்பதும் அப்படியே. ஆன்டெனாவோடு ஆன்டெனா ஒட்டிக் கிடக்கும்போது இருப்பதிலேயே மோசமான நிலையைத்தான் பார்ப்பீர்கள். இரண்டு மூன்று மீட்டர் தள்ளித் தள்ளி வைத்தாலே அந்தப் பொய்க் கோடுகள் இறங்குவது மீட்டரில் தெரியும்.

ஃப்ரீக்வென்சியை முடிவு செய்யும் முன் நான்கு மைக்கையும் அணைத்துவிட்டு ரிசீவரில் ஒரு ஸ்கேன் ஓட்டுங்கள். மற்றதெல்லாம் ஆனில் இருக்கட்டும், குறிப்பாக எல்.இ.டி. திரையும் மேடை விளக்குகளும். நிகழ்ச்சி நேரத்தில் இருக்கும் இரைச்சல்தானே நமக்கு வேண்டும். டிஜிட்டல் டி.வி. ஒளிபரப்பு இருந்தால் 6 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குத் தட்டையான மேடு மாதிரி தெரியும். உங்கள் நான்கு மைக்கும் ஒரே டி.வி. சேனல் அகலத்துக்குள் அடங்கிவிடுவதால் மேடு இருந்தால் நான்கும் சேர்ந்தே பாதிக்கப்படும், அப்போது மொத்தமாக வேறு இடம் பார்க்க வேண்டும். எல்.இ.டி. திரையை அணைத்ததும் இரைச்சல் இறங்கினால் குற்றவாளி அது. வயர்லெஸ் மைக்குக்கு உங்கள் ஊரில் எந்தப் பட்டை அனுமதி என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், நாட்டுக்கு நாடு அது மாறும்.

சரி, இடது ஓரம். அங்கே எந்த மைக்கைக் கொண்டுபோனாலும் கட் ஆகிறது என்றீர்கள். ஒரே ஒரு மைக்கை ஆன் செய்து, ஒருவர் பேசிக்கொண்டே அங்கே நடக்கட்டும். RF கோடுகள் இறங்குகின்றனவா? இறங்கினால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு எட்டு நகர்ந்ததும் சிக்னல் திரும்பி, அடுத்த எட்டில் மறுபடி போனால் அது பிரதிபலிப்பின் வேலை. நேராக வரும் அலையும் சுவரிலோ இரும்புத் தூணிலோ பட்டு வரும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 520 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் சுமார் 58 சென்டிமீட்டர், ஆகவே இந்தக் குழிகள் சிறியவை, நெருக்கமானவை. இதைச் சமாளிக்கத்தான் ரிசீவரில் இரண்டு ஆன்டெனா. ஒன்று குழியில் விழும்போது மற்றது பிடித்துக்கொள்ளும். ஆனால் ஓரம் முழுவதுமே செத்துக் கிடந்தால் சிக்னலே பலவீனம். உங்கள் ரேக்கைப் பற்றிப் படித்ததும் நான் இரண்டாவதைத்தான் சந்தேகித்தேன்.

இரும்புப் பெட்டிக்குள் இருக்கும்போது இரண்டு ஆன்டெனாவும் ஒரே சமயத்தில் குருடாகின்றன. பிடித்துக்கொள்ள மற்றது இல்லை. போதாததற்கு மேடைக்கும் ரேக்குக்கும் நடுவில் ஹால் நிறைய மனிதர்கள். உடம்பு பெரும்பாலும் தண்ணீர், இந்த அலைகளை நன்றாக உறிஞ்சும். காலி ஹாலில் நடந்து பார்த்துச் சரி என்று சொன்னது கூட்டம் வந்ததும் தவறிப்போவது இதனால்தான்.

சோதனை எளிது. ஒரு ரிசீவரை ரேக்கிலிருந்து கழற்றி, மேடைப் பக்கத்தில், தலைக்கு மேல் உயரத்தில் எதன் மீதாவது வையுங்கள். மைக்கிலிருந்து மூன்று மீட்டருக்குக் குறையாமல் தள்ளி இருக்கட்டும், எல்.இ.டி. திரைக்குப் பக்கத்தில் வேண்டாம். இரண்டு ஆன்டெனாவையும் இருபுறமும் சாய்த்து 'V' வடிவில் விரியுங்கள். பாடுகிறவர் மைக்கை எந்தக் கோணத்தில் பிடித்தாலும் இரண்டில் ஒன்றுக்காவது நன்றாகக் கிடைக்கும். இப்போது அதே இடது ஓரத்துக்கு நடந்தால் கோடுகள் நிமிர்ந்து நிற்க வேண்டும். நின்றால் நான்கு ரிசீவரையும் மேடைப் பக்கத்துக்கே நிரந்தரமாகக் கொண்டுபோய்விட்டு, ஆடியோவை மட்டும் எக்ஸ்.எல்.ஆர். கேபிளில் மிக்சருக்கு இழுங்கள்.

ரிசீவரை அங்கேயே விட்டு ஆன்டெனாவை மட்டும் நீட்டலாமே என்று தோன்றும். நீட்டலாம், ஆனால் கேபிள் சிக்னலைத் தின்னும். ஆர்.ஜி. 58 மாதிரி மெல்லிய கேபிள் இந்த ஃப்ரீக்வென்சியில் மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.4 டெசிபல் சாப்பிடும். 30 மீட்டர் இழுத்தால் 12 டெசிபல், அதாவது ஆன்டெனா பிடித்த சிக்னலில் பதினாறில் ஒரு பங்குதான் வந்து சேரும். தடித்த கேபிள் போட்டால் இழப்பு அதில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இறங்கும், விலை ஏறும். ஆடியோ கேபிளுக்கு 30 மீட்டர் ஒரு பொருட்டே இல்லை.

இடம் மாற்றிய பிறகும் ஒரு ரிசீவர் மட்டும் தடுமாறினால் அதன் இரண்டு ஆன்டெனாவுக்கான A, B விளக்குகளைப் பாருங்கள். நடக்கும்போது இரண்டும் மாறி மாறி எரிய வேண்டும். ஒன்று எரியவே இல்லை என்றால் அந்தப் பக்க ஆன்டெனாவோ கனெக்டரோ போயிருக்கிறது. பாடுகிறவரின் கையையும் ஒரு தடவை பாருங்கள். பெரும்பாலான கை மைக்குகளில் ஆன்டெனா அடிப்பாகத்தில்தான் இருக்கும், அதைப் பொத்திப் பிடித்தால் கோடுகள் அங்கேயே இறங்கும். சிக்னல் பலவீனமானால் சத்தத்தை அடைத்துவிடும் ஸ்குவெல்ச்சைக் குறைத்து வை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கட் ஆவது நின்று, அதற்குப் பதில் இரைச்சல் ஸ்பீக்கரில் கேட்கும், அவ்வளவுதான்.

வரிசை முக்கியம். முதலில் 521-ஐ மட்டும் 520.500-க்கு மாற்றி, ரிசீவர்கள் ரேக்கிலேயே இருக்க, நான்கையும் ஓட்டிப் பாருங்கள். நடு மேடையில் இரைச்சல் நின்றிருக்கும், இடது ஓரம் மட்டும் பழையபடியே கட் ஆகும். அப்புறம் ரிசீவர்களை நகர்த்துங்கள். இரண்டையும் ஒரே நாளில் சேர்த்து மாற்றினால் எது எதைச் சரி செய்தது என்று தெரியாமல், அடுத்த தடவை ஐந்தாவது மைக் வாங்கும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.