வற்றுப்பெருக்கு: வரிக்கு ஒரு படம்

கடல் ஏன் ஏறி இறங்குகிறது? திருகோணமலைப் பிள்ளைகளுக்கு வரிக்கு ஒரு படமாகச் சொல்லுங்கள்.

காலை 6 மணி: ஜெட்டித் தூணில் ஒட்டிய சிப்பி தண்ணீருக்குள்.

நண்பகல் தாண்டியதும் அதே சிப்பி வெயிலில். இந்த ஏற்ற இறக்கம்தான் வற்றுப்பெருக்கு.

மேலே நிலா: தன் பக்கத்துக் கடலை அதிகமாகவும், பூமியைக் கொஞ்சம் குறைவாகவும், மறுபக்கக் கடலை இன்னும் குறைவாகவும் இழுக்கிறது.

மூன்று பிள்ளைகள் ஓடுகிறார்கள்: முன்னவன் வேகம், நடுவிலிருப்பவன் சுமார், கடைசி ஆள் மெதுவாக, வரிசை இருபுறமும் நீள்கிறது.

கடலும் அப்படியே இருபுறமும் புடைக்கிறது.

பூமி சுழலச் சுழல நம் ஊர் இரண்டு புடைப்பையும் கடக்கிறது, மாலை 6.25 அளவில் சிப்பி மறுபடி தண்ணீருக்குள்.

சரி, அந்த 25 நிமிடம்? நிலாவும் நகர்கிறதே!

கோணேசர் மலைப் பாறையில் மோதித் தெறிப்பது பெருக்கு அல்ல, காற்று எழுப்பும் அலை.