பாக்கெட் பால், கறந்த பால், பால் பவுடர்: நகர வீட்டுக்கு எது சரி?

"சென்னையில் இருக்கிறோம், தினம் ஒரு லிட்டர் வேண்டும். பாக்கெட் பால், பால்காரர் பால், பவுடர், எதை வாங்கலாம்?"

அன்றாடத்துக்குப் பாக்கெட், அவசரத்துக்குப் பவுடர் என்பேன். கறந்த பாலை, மாட்டையும் ஆளையும் தெரிந்தால் மட்டும்.

பாக்கெட் பாலைச் சுமார் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கி, உடனே குளிர்வித்து அடைக்கிறார்கள். நோய்க்கிருமிகள் சாகும், ஆனால் புளிக்க வைக்கும் சில கிருமிகள் தப்பிக்கும். கடை வாசலில் வெயிலில் கிடந்த பாக்கெட் காய்ச்சும்போது திரிவது அதனால்தான்.

கறந்த பால் சூடே காணாதது. பொங்கியபின் சில நிமிடம் கொதிக்க விடுங்கள். ருசியில் இதை அடிக்க முடியாது, ஏடும் கனமாகப் படியும். வம்பு தண்ணீரில்தான். சாய்வான வழுவழுப்பான பரப்பில் ஒரு சொட்டு விடுங்கள்: நல்ல பால் வெள்ளைக் கோடு விட்டு மெதுவாக இறங்கும், தண்ணீர் கலந்தது தடமின்றி ஓடும். பாலின் அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள், தண்ணீரோடு சர்க்கரையும் சேர்த்தால் அது ஏமாறும்.

பவுடர் மலிவு என்பது பாதி கதை. டோன்டு பாலில் 3 சதவீதம் கொழுப்பு, 8.5 சதவீதம் மற்ற திடப்பொருள். அப்படியானால் லிட்டருக்கு 120 கிராம் பவுடராவது வேண்டும். கிலோ 450 ரூபாய் என்றால் 54 ரூபாய் ஆகிறது. பாக்கெட் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காபியில் லேசான காய்ச்சிய வாடையும் வரும். டப்பாவில் ஈரக் கரண்டி போட்டால் கட்டி தட்டும்.