பத்தைத் தாண்டாத மதிப்பெண்கள்: தமிழ் பி.எச்.க்யூ-9ஐ எப்படிச் சோதிப்பது?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் கிராமங்களில் சர்க்கரை, பிபி முகாம் நடத்தும் சிறிய தொண்டு நிறுவனம் எங்களுடையது. வருபவர்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளைத் தமிழில் போட்டோம். இரண்டு பேர் மொழிபெயர்த்தார்கள், இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றினார், மூலத்தோடு அப்படியே ஒத்துப்போனது. ஆனால் முகாமில் எங்கள் நர்சுகள் படித்துக் கேட்டால் எல்லோருக்கும் 4, 5 என்றுதான் வருகிறது. மனச்சோர்வு இருக்கலாம் என்று காட்டும் எல்லையான 10-ஐ யாரும் தாண்டுவதே இல்லை. பார்த்தாலே சோர்ந்து தெரிகிறவர்களுக்கும் அப்படித்தான். மொழிபெயர்ப்பில்தான் தப்பா?

பதில்: மொழிபெயர்ப்பைத் தொடுவதற்கு முன் கையில் இருக்கும் தாள்களையே வேறு விதமாக எண்ணிப் பாருங்கள். மொத்த மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை பேர் 0, எத்தனை பேர் 1, 2, 3 வாங்கியிருக்கிறார்கள் என்று தனித்தனியாகக் கணக்கெடுங்கள். வருபவர்கள் சர்க்கரை நோயாளிகள் என்பதால் என் ஊகம் இதுதான்: தூக்கம், களைப்பு, பசி பற்றிய 3, 4, 5-ஆம் கேள்விகளில்தான் மதிப்பெண் விழுந்திருக்கும், ஆர்வம், மனநிலை, தன்னைப் பற்றிய எண்ணம் கேட்கும் 1, 2, 6-இல் பெரும்பாலும் சுழியமே இருக்கும். அப்படியிருந்தால் உங்கள் தாள் அளப்பது மனச்சோர்வை அல்ல. ராத்திரி நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுவதையும், சர்க்கரை ஏறியதால் வரும் அசதியையும் அளக்கிறது. கூடவே, 1 மட்டும் குவிந்து 2-ம் 3-ம் அரிதாக இருந்தால் விடைத் தெரிவுகளிலும் கோளாறு இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தது இதையெல்லாம் ஏன் காட்டவில்லை? அந்தச் சோதனையின் குறையே அதுதான். சொல்லுக்குச் சொல் மாற்றிய மோசமான தமிழ்தான் ஆங்கிலத்துக்கு மிகச் சுத்தமாகத் திரும்பிப் போகும். இரண்டாம் கேள்வியில் 'ஃபீலிங் டவுன்' என்று இருப்பதை 'கீழாக உணர்தல்' என்று எழுதினால், ஆங்கிலம் தெரிந்தவர் மூலத்தை ஊகித்து அதே சொற்களைக் கொடுத்துவிடுவார். ஊர்க்காரருக்கு அது என்னவென்றே தெரியாது. எனவே மூலத்தோடு ஒத்துப்போனது என்பதை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள். இன்னொன்று: பி.எச்.க்யூ-9க்கு ஏற்கெனவே தமிழ் வடிவம் வெளியாகியிருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தனி அனுமதியும் தேவையில்லை. அதையே அடிப்படையாக வைத்து உங்கள் ஊரில் சோதிப்பதுதான் புத்திசாலித்தனம். ஆளுக்கொரு மொழிபெயர்ப்பு வைத்திருந்தால் எந்த இரண்டு ஆய்வையும் ஒப்பிட முடியாமல் போய்விடும்.

அந்தச் சோதனைக்குப் பெரிய கூட்டம் தேவையில்லை. வயது, படிப்பு, ஆண் பெண் கலந்து பதினைந்து இருபது பேர் போதும். ஒவ்வொரு கேள்வியையும் கேட்டு, பதில் வாங்கியதும், 'நான் என்ன கேட்டேன்னு உங்களுக்குப் புரிஞ்சுது? அதை உங்க பேச்சுல சொல்லுங்க', 'இந்தப் பதிலை எதை நினைச்சுச் சொன்னீங்க?' என்று கேளுங்கள். பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முதல் கேள்வியில் இது எப்படிப் போகும் என்று பாருங்கள். மூலம் கேட்பது, எதையும் செய்வதில் நாட்டமோ மகிழ்ச்சியோ குறைந்திருக்கிறதா என்பது.

'காரியங்கள்ல ஆர்வம் இல்லாம இருந்துச்சாம்மா?'

'இல்ல தாயி. தினம் நூறு நாள் வேலைக்குப் போயிட்டுத்தான் இருக்கேன். போகாம இருந்தா முடியுமா?'

இங்கே இரண்டு தவறு ஒன்றாக நடந்திருக்கிறது. 'காரியம்' என்றதும் அந்தம்மா வேலையைத்தான் நினைத்தார். வேலை என்பது பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் செய்தாக வேண்டியது. இரண்டாவது, எதிர்மறையாகக் கேட்ட கேள்விக்கு வந்த 'இல்ல'. ஆர்வம் இல்லை என்கிறாரா, அப்படியெல்லாம் இல்லை என்கிறாரா? இந்த முறை அடுத்த வாக்கியம் வந்ததால் புரிந்தது. அவர் அதோடு நிறுத்தியிருந்தால் நர்சு தன் ஊகப்படி எதையோ போட்டிருப்பார். 'முன்னாடி உங்களுக்குப் பிடிச்சதுல, பேரப்பிள்ளையோட இருக்கிறது, நாலு பேரோட பேசுறது, டிவி பாக்குறது, கோயிலுக்குப் போறது மாதிரி, மனசு போகாம இருந்தது எத்தனை நாள்?' என்று கேட்டால் இரண்டும் தீரும். உதாரணங்களை மட்டும் நாலோடு நிறுத்துங்கள். 'மாதிரி' என்ற சொல் விடுபட்டால் கோயிலுக்குப் போனீர்களா இல்லையா என்ற கேள்வியாக அது சுருங்கிவிடும்.

மூன்றாம், ஐந்தாம், எட்டாம் கேள்விகளில் வேறொரு சிக்கல். தூக்கம் வராதது அல்லது அதிகத் தூக்கம்; பசியின்மை அல்லது அதிகம் சாப்பிடுவது; மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது என்று ஒவ்வொன்றும் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டைச் சேர்த்துக் கேட்கிறது. தாளில் படிப்பவர் சமாளித்துவிடுவார். காதால் கேட்பவர் கடைசியாகக் கேட்ட பாதிக்குத்தான் பதில் சொல்வார்: 'அதிகமாவா? எங்க தூங்குறது!' என்று சிரிப்பார். நர்சு சுழியம் போடுவார். இரண்டு பாதியையும் தனித்தனியாகக் கேட்டு, எது அதிக மதிப்பெண்ணோ அதை அந்தக் கேள்விக்கு வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் க்யூர்ஸ் ஆய்வுக் குழு இதை 12 கேள்வி கொண்ட வடிவமாகவே மாற்றி, அதற்குத் தனியாகச் செல்லுபடி ஆய்வு நடத்தி 2009-இல் வெளியிட்டது. வடிவத்தை மாற்றினால் ஆய்வையும் புதிதாகச் செய்தாக வேண்டும் என்பதை அவர்கள் விட்டுவிடவில்லை.

சரி, விடைத் தெரிவுகள். பி.எச்.க்யூ-9 கேட்பது கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் என்பதை. நம் ஆட்கள் சொல்வதோ எவ்வளவு என்பதை: 'கொஞ்சம் இருக்கு', 'ரொம்ப இல்ல'. நர்சு அந்தக் 'கொஞ்சத்தை'க் கேட்டதும் 'சில நாட்கள்' என்ற கட்டத்தில் டிக் போடுகிறார். தினமும் கொஞ்சம் அழுகிறவருக்கு 3 வர வேண்டிய இடத்தில் 1 வருகிறது. ஒன்பது கேள்வியிலும் இப்படி நடந்தால் யாரும் பத்தைத் தாண்டப் போவதில்லை. உங்கள் முகாமில் நடப்பது முக்கியமாக இதுதான் என்று நினைக்கிறேன். தெரிவுகளைப் படித்துக்காட்டுவதை விட்டு நாளைக் கேளுங்கள். முதலில் கேட்கும் தேதியிலிருந்து கணக்கிட்டு இரண்டு வாரத்துக்கு ஒரு எல்லை காட்டுங்கள்: 'போன அமாவாசையிலிருந்து', 'போனதுக்கு முந்தின சந்தையிலிருந்து'. அப்புறம் 'அந்தப் பதினாலு நாள்ல எத்தனை நாள்?' அமெரிக்க முதியோர் இல்லங்களின் மதிப்பீட்டுப் படிவத்தில் நாளை மதிப்பெண்ணாக மாற்றும் முறை ஒன்று உண்டு: 0 அல்லது 1 நாள் என்றால் 0; 2 முதல் 6 வரை 1; 7 முதல் 11 வரை 2; 12 முதல் 14 வரை 3. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கேட்கும் வாசகத்தை அச்சடித்து எல்லா நர்சுகளும் அதையே படிக்கட்டும். ஆளுக்கு ஒரு விளக்கம் கொடுத்தால் ஆளுக்கு ஒரு கேள்வித்தாள் ஆகிவிடும்.

இவ்வளவும் செய்தால் கேள்வி புரிகிறது என்றுதான் அர்த்தம். 10 என்ற எல்லை உங்கள் ஊருக்குப் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. அந்த 10 அமெரிக்க வெளிநோயாளிகளிடம் செய்து 2001-இல் வெளியான ஆய்விலிருந்து வந்தது. எல்லை மொழியோடும் ஆட்களோடும் நகரும். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கான எடின்பரோ அளவுகோல் நல்ல சாட்சி: பிரிட்டனில் 1987-இல் உருவானபோது பரிந்துரைத்த எல்லை 12/13, அதாவது 13-உம் அதற்கு மேலும்; 2005-இல் வெளியான தமிழ் வடிவ ஆய்வில் பொருத்தமாக வந்தது 8/9.

உங்களுக்கான எல்லையைக் கண்டுபிடிக்க, மதிப்பெண் தெரியாத ஒரு மனநல மருத்துவரோ பயிற்சி பெற்ற உளவியலரோ அதே ஆட்களிடம் மினி அல்லது ஸ்கிட் போன்ற முறையான நேர்காணலை இரண்டு மூன்று நாளுக்குள் நடத்த வேண்டும். தள்ளிப்போட்டால் 'கடந்த இரண்டு வாரம்' என்பது வேறு இரண்டு வாரமாகிவிடும். அதிக மதிப்பெண் வாங்கியவர்களை மட்டும் அனுப்பாதீர்கள். குறைவாக வாங்கியவர்களிலிருந்தும் ஆள் போக வேண்டும். இல்லாவிட்டால் தாள் தவறவிட்டவர்கள் யார் என்பது கடைசி வரை தெரியாது.

கணக்கு எப்படி வரும் என்பதற்குக் கற்பனையாக ஒரு எடுத்துக்காட்டு. 200 பேரை நேர்காணல் செய்ததில் 30 பேருக்கு மனச்சோர்வு என்று வைத்துக்கொள்வோம். எல்லை 10 என்றால் அந்த 30 பேரில் 18 பேரைத்தான் தாள் பிடிக்கிறது, அதாவது 60 சதவீதம். மீதி 170 பேரில் 12 பேரைத் தவறாகக் காட்டுகிறது. எல்லையை 7 ஆக இறக்கினால் 30-இல் 26 பேர் பிடிபடுகிறார்கள், 87 சதவீதம். ஆனால் தவறாக மாட்டுகிறவர்களும் 26 ஆகிறார்கள். மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பும் 52 பேரில் பாதிப் பேருக்கு நோய் இருக்காது. முகாம் என்றால் நான் 7-ஐத்தான் எடுப்பேன், அனுப்புவதற்கு முன் இன்னொரு முறை உட்கார்ந்து பேச ஆள் இருந்தால் மட்டும். அந்த 87-ஐயும் கல்வெட்டாக நினைக்க வேண்டாம். 30 பேரை வைத்துச் சொல்லும்போது உண்மை 70 முதல் 95 வரை எங்கும் இருக்கலாம். நர்சிங் ஆய்வேடுகளில் கிரான்பாக் ஆல்ஃபா 0.85 வந்துவிட்டது, எனவே கருவி செல்லும் என்று முடித்துவிடுகிறார்கள். ஒன்பது கேள்வியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. ஒன்பதும் சேர்ந்து அசதியை அளந்தாலும் ஆல்ஃபா நன்றாகத்தான் வரும்.

ஒன்பதாம் கேள்வியைத் தனியாகச் சொல்ல வேண்டும். செத்துப் போனால் தேவலை என்ற நினைப்பையும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நினைப்பையும் அது ஒன்றாகக் கேட்கிறது. எழுபது வயதுப் பாட்டி 'சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கிட்டா நல்லாருக்கும்' என்பார். அதை எடுத்த எடுப்பில் தற்கொலை எண்ணம் என்று எழுதுவதும் தப்பு, வழக்கமான பேச்சு என்று விடுவதும் தப்பு. மதிப்பெண்ணை மூல விதிப்படி போடுங்கள். சுழியத்துக்கு மேல் எது வந்தாலும், மொத்தம் எவ்வளவு இருந்தாலும், அங்கேயே தனியாகக் கூப்பிட்டு மூன்று கேளுங்கள்: நீங்களாகவே உயிரை விட்டுவிட வேண்டும் என்று தோன்றியதா, எப்படி என்று யோசித்தீர்களா, அதற்கு வேண்டியது வீட்டில் இருக்கிறதா. கிராமத்தில் கடைசிக் கேள்வி பூச்சிமருந்தைப் பற்றியது, நேராகவே கேளுங்கள். ஆமாம் என்றால் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். பார்க்கும் வரை அவரைத் தனியாக விடக் கூடாது, பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்த ஏற்பாடு வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐயும் சுகாதார உதவி எண் 104-ஐயும் தாளின் அடியிலேயே அச்சிடுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்கும்போது மாமியாரோ மகனோ பக்கத்தில் இருந்தால் விடை எப்போதும் சுழியம்தான். ரத்த அழுத்தம் பார்க்கும் மேசையில் வைத்து இதைக் கேட்பதை இந்த வாரமே நிறுத்திவிடுங்கள்.

உங்கள் எல்லை எது என்று தெரியும் வரை, அறிக்கையில் 'இத்தனை சதவீதம் பேருக்கு மனச்சோர்வு' என்றோ 'யாருக்கும் இல்லை' என்றோ எழுதாமல், மதிப்பெண்களை மட்டும் கேள்வி வாரியாகக் கொடுங்கள். வாசகத்தை மாற்றிய தேதிக்கு முன்னும் பின்னும் வாங்கிய தாள்களை ஒன்றாகச் சேர்க்காதீர்கள்.